200 கிலோமீட்டருக்கு எத்தனை வாழைப்பழம்? மணிக்கு 60 கிராம் கணக்கு

திருவான்மியூரில் விடியற்காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியே மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி கடப்பாக்கம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டமான பிரெவே ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தூரத்துக்கான கெடு 13 மணி 30 நிமிடம். ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 8 மணி நேர மிதிப்பு, நிறுத்தங்களோடு சேர்த்து பத்து மணி நேரத்தில் வீடு திரும்பலாம். இந்த 8 மணி நேரத்துக்குப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல், வாழைப்பழம், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் மூன்றையும் வைத்து மாவுச்சத்தைக் கணக்கிட்டுச் சாப்பிடுவது எப்படி, அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதுதான் இங்கே விஷயம். சைக்கிள்காரர்கள் மாவுச்சத்தைச் சுருக்கமாக ‘கார்ப்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில், மணிக்கு 60 கிராம் கார்ப் என்ற அந்த எண் எங்கிருந்து வருகிறது? நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒருவரின் தசைகளிலும் ஈரலிலுமாகச் சேர்ந்திருக்கும் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் கார்ப், ஏறக்குறைய 500 கிராம். பவர் மீட்டரில் சராசரியாக 130 வாட் காட்டும் அளவுக்கு நிதானமாக மிதித்தால், ஒரு மணி நேரத்தில் பெடலில் செய்யும் வேலை 468 கிலோஜூல். உடலின் செயல்திறன் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழேதான் என்பதால், பெடலில் காட்டும் கிலோஜூலும் உடல் எரிக்கும் கிலோகலோரியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்துவிடும். அதாவது மணிக்குச் சுமார் 470 கிலோகலோரி. அதில் பாதி கொழுப்பிலிருந்தும் பாதி கார்பிலிருந்தும் வருகிறது என்று வைத்தால் கார்பின் பங்கு 235 கிலோகலோரி. ஒரு கிராமுக்கு 4 என்று வகுத்தால் 59 கிராம். எதுவுமே சாப்பிடாமல் போனால் கையிருப்பு 8 மணி நேரத்தோடு சரியாகத் தீர வேண்டும் என்று தோன்றும். ஆனால் எதிர்க்காற்றில் அழுத்தி மிதிக்கும்போது கார்பின் பங்கு பாதியைத் தாண்டி ஏறிவிடும், கையிருப்பு அடிவரை காலியாகும் முன்பே வேகமும் விழுந்துவிடும். மணிக்கு 55 முதல் 60 கிராம் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்த நிலை வராது.

60 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணம் குடலில் இருக்கிறது. குளுக்கோஸைக் குடல்சுவர் வழியே இரத்தத்துக்குள் ஏற்றிவிடும் கடத்திப் புரதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மணிக்கு ஏறக்குறைய 60 கிராமில் அது நிரம்பிவிடும். அதற்கு மேல் குளுக்கோஸ் எவ்வளவு விழுங்கினாலும் குடலில் தங்கும், தண்ணீரை இழுக்கும், வயிற்றைக் கலக்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனி வாசல் இருக்கிறது. ஆகவே இரண்டையும் 2:1 என்ற விகிதத்தில் கலந்தால் மணிக்கு 90 கிராம் வரை எரிக்க முடியும். பந்தய வீரர்கள் அதற்கும் மேலே போகிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 200 முடிக்கிறவருக்கு அது தேவையில்லை. அவர் செலவழிக்கும் அளவே 60தான். 90 வேண்டும் என்று ஜெல்லாக விழுங்கிக்கொண்டே போவதைவிட, 55-ஐ எட்டு மணி நேரமும் விடாமல் பிடிப்பதுதான் கடினம், பலன் தருவதும் அதுதான்.

இனி கையில் இருக்கும் பொருள்களுக்கு வருவோம். கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

வாழைப்பழத்துக்கு எங்கே படித்தாலும் ‘ஒரு பழம் 25 கிராம்’ என்றுதான் இருக்கும். அது தோல் உரித்தபின் 110 கிராம் அளவில் இருக்கும் பழத்துக்கான கணக்கு. நம் கடைகளில் மோரிஸ், ரொபஸ்டா என்று விற்கும் நீளப்பழம் இதற்குப் பொருந்தும். ஏலக்கி அப்படி அல்ல. உரித்தால் 40, 50 கிராம்தான் நிற்கும், கார்ப் பத்துப் பன்னிரண்டு கிராம். இரண்டு ஏலக்கி சாப்பிட்டால்தான் ஒரு மோரிஸ் கணக்கு வரும். பூவனும் ரஸ்தாளியும் இடையில் எங்கோ நிற்கும், சீப்புக்குச் சீப்பு மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் சமையலறைத் தராசில் ஒரு பழத்தை உரித்து நிறுத்துவிடுங்கள். உரித்த எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு கார்ப் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதும் முக்கியம். காம்பில் பச்சை தெரியும் பழத்தில் கணிசமான பகுதி இன்னும் ஸ்டார்ச்சாகவே இருக்கும். அதில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் கீழே இறங்கி வாயுவாகும். மஞ்சள் தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் ஸ்டார்ச் பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும், அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தே வரும். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 75 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு வாழைப்பழத்தையும் 6 சதவீத ஸ்போர்ட்ஸ் டிரிங்கையும் ஒப்பிட்டார்கள். ஓட்டிய நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, பழம் எந்த விதத்திலும் மட்டமான எரிபொருள் அல்ல. அதன் குறை நார்ச்சத்தும் கன அளவும்தான். வெயில் ஏறி, வயிற்றுக்குப் போகும் இரத்தம் தோலுக்குத் திரும்பிய பிறகு, பழம் வயிற்றில் கல்லாக உட்கார்ந்ததுபோல இருக்கும். ஜெர்சிப் பையில் நாலு மணி நேரம் முதுகுச் சூட்டில் கிடந்த பழத்தைத் தொடவும் மனம் வராது. அதனால் பழத்தை முதல் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவதே நல்லது. (பழம் தின்றால் தசைப்பிடிப்பு வராது என்பதை நம்பிப் பழத்தை எண்ணாதீர்கள். பழத்தைச் சர்க்கரைக்காக எண்ணுங்கள்.)

ஜெல்லில் ஏமாற்றுவது எடை. பாக்கெட்டின் முன்பக்கம் 40 கிராம் என்று போட்டிருந்தால் அது தண்ணீரோடு சேர்ந்த மொத்த எடை. பின்பக்க அட்டவணையில் ‘Carbohydrate’ வரியில், ஒரு பாக்கெட்டுக்கு என்ற பத்தியில் பார்த்தால் 20-லிருந்து 25-க்குள் இருக்கும். சில பெரிய பாக்கெட்டுகளில் 40-ம் உண்டு. 100 கிராமுக்கான பத்தியைப் பார்த்துவிட்டு அதையே எண்ணிக்கொள்கிறவர்கள் நிறைய. கெட்டியான ஜெல்லைத் தனியாக விழுங்கக் கூடாது. 25 கிராம் சர்க்கரை வயிற்றில் நீர்த்துப்போக 250 மில்லி அளவுக்காவது வெறும் தண்ணீர் வேண்டும், அதை அடுத்த பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். சர்க்கரை கலந்த பாட்டிலால் ஜெல்லை இறக்கினால் வயிற்றில் சேரும் கரைசல் இன்னும் கெட்டியாகி, வெளியேற நேரமெடுக்கும். வயிறு தளும்புகிறது, ஏப்பம் வருகிறது என்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பானத்தைக் கடையில் வாங்கினால் 100 மில்லிக்குச் சுமார் 6 கிராம் இருக்கும், அதாவது அரை லிட்டருக்கு 30. வீட்டிலேயே கலப்பது எளிது, மலிவும்கூட. 750 மில்லி பாட்டிலுக்கு 40 கிராம் சாதாரணச் சர்க்கரை, 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரை என்பது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். மால்டோடெக்ஸ்ட்ரின் முழுக்க குளுக்கோஸ் சங்கிலி. கூட்டிப் பார்த்தால் 40 குளுக்கோஸ், 20 ஃபிரக்டோஸ், சரியாக 2:1. செறிவு 8 சதவீதம், தாராளமாகக் குடிக்கக்கூடிய எல்லையின் மேல்வரம்பு அது. கால் டீஸ்பூன் உப்பு ஒன்றரை கிராம் இருக்கும், அதில் சோடியம் சுமார் 600 மில்லிகிராம்.

இந்த இடத்தில் ஓ.ஆர்.எஸ். பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு அதைக் கார்ப் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி அந்த ஒரு லிட்டரில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. ஒரு ஏலக்கிப் பழத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உப்புக்கும் தண்ணீருக்கும் அது அருமையான பானம், எரிபொருள் அல்ல. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் எலக்ட்ரோலைட் மாத்திரைகளில் கார்ப் அநேகமாகப் பூஜ்யம். இளநீர் 250 மில்லி குடித்தால் பத்துக் கிராம் அளவில் கிடைக்கும், அதில் சோடியம் குறைவு.

இப்போது அந்த 200 கிலோமீட்டருக்குத் திட்டம் போடுவோம். கொள்கை எளியது: ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. எல்லாக் கார்பையும் பானத்திலேயே வைத்தால் தாகமும் பசியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். விடியற்காலையில் தாகம் எடுக்காது, பாட்டில் அப்படியே இருக்கும், கார்ப் குறையும். பதினொரு மணிக்கு வாய் வறண்டு அதே பாட்டிலை மணிக்கு ஒன்று என்று காலி செய்தால், பழமும் ஜெல்லும் சேர்ந்து 80, 90 உள்ளே போகும், வயிறு திருப்பித் தள்ளும். வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டியது வெறும் தண்ணீர் பாட்டில் மட்டுமே. சர்க்கரைப் பாட்டில் எந்த வெயிலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதாவது மணிக்கு 30 கிராம், அடித்தளம் அது.

அதன்மேல் மணிக்கு ஒரு திடப்பொருள், 25 கிராம். முதல் மூன்று மணிக்கு மூன்று மோரிஸ் பழம். நான்காவது மணிக்கு ஒரு ஜெல். கடப்பாக்கத்தில் திரும்பும்போது கடையில் ஒரு பழம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டால் அது ஐந்தாவது மணிக் கணக்கு. ஆறு, ஏழு மணிகளுக்கு ஜெல். எட்டாவது மணியில் கோவளம் பக்கம் நிறுத்தி 250 மில்லி கோலா, அதில் 26, 27 கிராம் சர்க்கரை. பானம் நான்கு பாட்டில் 240, பழம் நான்கு 100, ஜெல் மூன்று 75, கோலா 27. மொத்தம் 442 கிராம், எட்டால் வகுத்தால் மணிக்கு 55. இலக்கு 60 ஆயிற்றே என்று அந்த ஐந்துக்காக இன்னொரு ஜெல்லைத் திணிக்க வேண்டாம். பழத்தின் எடையில் வரும் பிழையே அதைவிடப் பெரிது.

எடுத்துச் செல்ல வேண்டியது: கலந்த ஒரு பாட்டில், ஒரு தண்ணீர் பாட்டில், மீதி மூன்று பாட்டிலுக்கான பொடி தலா 60 கிராம் நிறுத்துக் கட்டிய மூன்று ஜிப் பைகள், மூன்று பழம், ஐந்து ஜெல். கணக்குக்கு மூன்று ஜெல்லே போதும், இரண்டு உபரி. பொடிப் பையில் உப்பையும் வீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். ரோட்டோரம் உப்பை அளக்க முடியாது.

எண்ணுவதற்கு நினைவை நம்ப முடியாது. ஐந்தாவது மணி நேரத்தில், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதே குழம்பிவிடும். சைக்கிள் கம்ப்யூட்டரிலோ கைக்கடிகாரத்திலோ 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். முதல் அலாரத்துக்குப் பாதிப் பழம், இரண்டாவதுக்கு மீதிப் பாதி, மூன்றாவதுக்குப் பானத்தில் அரைப் பாட்டில். ஜெல் மணி நேரமானால், ஒரே மடக்காக விழுங்காமல் இரண்டு அலாரத்துக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். காலி ஜெல் உறையை வலது பையில் போடுங்கள், முழு ஜெல் இடது பையில் இருக்கட்டும். நிறுத்தத்தில் வலது பையை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், சாலையில் குப்பையும் விழாது. முதல் அலாரம் கிளம்பிய 20-வது நிமிடத்திலேயே அடிக்க வேண்டும். ‘இப்போதானே நாலு இட்லி சாப்பிட்டேன்’ என்று முதல் ஒன்றரை மணி நேரத்தைச் சும்மா விட்டால், 80 கிராம் கடனோடு மாமல்லபுரம் வந்து சேர்வீர்கள்.

கடன் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த மணியில் மொத்தமாக அடைக்கக் கூடாது. குடலின் வரம்பு உங்கள் கடனுக்காக உயராது. 30 கிராம் குறைந்திருந்தால் அடுத்த மூன்று மணி நேரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். அதற்கும் மேல் குறைந்திருந்தால் வேகத்தை 2 கிலோமீட்டர் குறைப்பதே சரியான அடைப்பு. செலவு குறையும், வயிறும் வேலை செய்யும்.

கணக்கு கெடும் இன்னொரு இடம் பாட்டில் நிரப்பும் கடை. சர்க்கரைப் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே அடுத்த பொடியைக் கொட்டி நிரப்பினால், அந்தப் பாட்டிலின் கார்ப் 75 கிராம், செறிவு 10 சதவீதம். பொடி போடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பினால் முழுப் பாட்டில் என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் 15 கிராம். மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டு நிரப்புங்கள், முடியாவிட்டால் கொட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் கொஞ்சம் சர்க்கரைக்காகக் கணக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதினொரு மணிக்கு மேல் வரும் சிக்கல் திகட்டல். பாட்டில் வெந்நீராகிவிடும், இனிப்பு நாக்கில் ஒட்டும், ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். கார்ப் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் சத்தமில்லாமல் நின்றுபோகும். முதலில் வாயைக் கழுவிக்கொள்ள உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர். அடுத்த பாட்டிலில் பொடியைப் பாதியாக்கி, குறையும் 30 கிராமுக்கு இரண்டு மணி நேரத்தில் உபரி ஜெல் ஒன்றைத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளலாம். கோலாவை முன்கூட்டியே இழுத்துக்கொண்டாலும் சரிதான். குளிர்ந்திருப்பதால் இனிப்பு உறைக்காது. கிராம் கிராம்தான், எந்த வடிவில் வந்தாலும் கணக்கில் சேரும்.

வயிறு ஏற்கெனவே அடைத்துக்கொண்டால், அதாவது தளும்பல், ஏப்பம், குமட்டல் மூன்றும் சேர்ந்தால், சர்க்கரையை நிறுத்துங்கள். நிழலில் நில்லுங்கள், அல்லது 20 நிமிடம் மெதுவாக மிதியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் சிறு மிடறுகளாகக் குடியுங்கள். தளும்பல் இறங்கியதும் மணிக்கு 30 கிராமிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

இதற்கு நேர்மாறானது சர்க்கரை தீர்ந்துபோகும் நிலை. வெயில் சோர்வு என்று தவறாக எண்ணிக்கொள்வது இதைத்தான். இரண்டையும் பிரித்தறிய இதயத்துடிப்பைப் பாருங்கள். வெயிலிலும் தண்ணீர்க் குறைவிலும் அதே வேகத்துக்குத் துடிப்பு மேலே ஏறிக்கொண்டே போகும். சர்க்கரை தீர்ந்தால் நீங்கள் அழுத்தினாலும் துடிப்பு ஏறாது, கால் வெறுமையாக இருக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், எதிரே வரும் வண்டியை மதிப்பிடத் தாமதமாகும். சிலருக்கு வியர்வை குளிர்ந்து கை நடுங்கும். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஒரு கோலாவும் பாதி ஜெல்லும் என 40 கிராம் அளவில் எடுத்து, 15, 20 நிமிடம் உட்கார்ந்திருங்கள். தலை தெளிந்தபின் மெதுவாகக் கிளம்பி, 20 நிமிட அலாரத்தை மறுபடி ஓட விடுங்கள். விட்டுப்போன மணிகளைத் திரும்பப் பிடிக்க முயல வேண்டாம். அன்றைய வேகம் போனது போனதுதான். குடித்த 20 நிமிடத்திலும் தெளியவில்லை, தோல் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது உணவுப் பிரச்சினை அல்ல, வெப்பம் தாக்கிவிட்டது. உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டு உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

இவ்வளவையும் பிரெவே அன்றைக்கு முதன்முறையாகச் செய்துபார்க்கக் கூடாது. குடலும் தசைபோலப் பழகும். ஐந்து வாரம் முன்பிருந்து, வாராவார நீண்ட ஓட்டத்தில் முதல் வாரம் மணிக்கு 30, இரண்டாம் மூன்றாம் வாரங்களில் 45, பிறகு 60 என்று ஏற்றுங்கள். அதே ஜெல், அதே பொடி, அதே பழவகை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டி மணியால் வகுக்கும்போது உங்கள் வியர்வை அளவு கிடைக்கும். வெறும் தண்ணீர் பாட்டிலை எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் இந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த அன்றே மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: உள்ளே போன மொத்த கிராம், மிதித்த மணி, வயிறு முதலில் முனகிய நேரம். நாலு ஞாயிற்றுக்கிழமை குறித்தால் போதும், உங்கள் வயிற்றுக்கு 45 சரியா, 60 சரியா என்று அந்தத் தாளே காட்டிவிடும்.